பக்கம் விட்டுப்போனதா? ஒரு குறுநாவலின் முடிவைத் திருத்திய குறிப்பு

குறுநாவலின் முதல் படியை வாசித்து முடித்த அண்ணாச்சி நாகர்கோவிலிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "தம்பி, எனக்குத் தந்த கட்டுல கடைசிப் பக்கம் ஏதும் விட்டுப்போச்சா?" என்று கேட்டார். எதுவும் விட்டுப்போகவில்லை. 74 பக்கங்களையும் நானே எண்ணி, கிளிப் போட்டுக் கொடுத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால், பார்த்துச் சொல்கிறேன் என்று பேச்சை முடித்துக்கொண்டேன். அக்டோபரில் தொடங்கிய திருத்தம் டிசம்பர் கடைசியில்தான் முடிந்தது. இடையில் இரண்டு முறை தவறான பக்கம் போய்த் திரும்பியிருக்கிறேன். நினைவு மங்குவதற்குள் எழுதி வைக்கிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டால் மற்றது விளங்கும். தோவாளை சானல் என்கிற பாசனக் கால்வாயின் கடைமடையில், ஒரே மடையிலிருந்து நீர் பாயும் இரண்டு வயல்கள். மேல்வயல் அண்ணன் தாணுவுக்கு, கீழ்வயல் தம்பி நீலகண்டனுக்கு. பாகம் பிரித்த நாளில் மடையைப் பற்றி எழுந்த சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்று 19 ஆண்டுகள் ஆகின்றன. கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெற்பயிர் கதிர் விட்டுப் பால் பிடிக்கிற நேரத்தில் சானலில் தண்ணீர் குறைகிறது. கடைமடைக்கு வரும் கொஞ்ச நீரையும் அண்ணன் தன் வயலில் நிறுத்திக்கொள்கிறான். கதிருக்கு நீர் தேவைப்படும் அந்த நாட்களில் வயல் காய்ந்தால், பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் அறுவடையில் பதர்தான் மிஞ்சும். ஆகவே தம்பி ஓர் இரவு மண்வெட்டியுடன் வரப்பை வெட்டப் போகிறான். அங்கே அண்ணன் மடையை முன்பே திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். கதை இவ்வளவுதான்.

மொத்தம் 18,400 சொற்கள். அதில் தம்பி வீட்டைவிட்டு இறங்குவதிலிருந்து கடைசி வரி வரைக்குமான முடிவு 310 சொற்கள், அதாவது ஒன்றேகால் பக்கம். அந்த வடிவத்தில் முக்கியமான இடம் இப்படி இருந்தது:

"மண்வெட்டியோடு மடைக்கு வந்த நீலகண்டன், மடை திறந்திருப்பதையும் அதன் அருகில் அண்ணன் உட்கார்ந்திருப்பதையும் கண்டான். தண்ணீர் அவன் வயலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் ஒன்றும் பேசவில்லை."

எழுதியபோது இந்தச் சிக்கனத்தில் எனக்குப் பெருமை இருந்தது. 73 பக்கம் ஏற்றி வைத்த பாரத்தை மூன்று வாக்கியங்களில் இறக்கிவிட்டதாக நினைத்தேன். வாசித்தவருக்கு அது பாரத்தை நடுவழியில் போட்டுவிட்டு ஆள் ஓடிப்போனதைப் போல இருந்திருக்கிறது.

அண்ணாச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. இளமையில் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர், பிறகு அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவர். நேரில் போய்க் கேட்டபோது அவர் எழுத்தைப் பற்றி எதுவும் பேசாமல் ஊர்ச் சாமிக்கு எடுக்கும் கொடை விழாவைப் பற்றித்தான் பேசினார். "வில்லுப்பாட்டுல ஆளு வெட்டுப்பட்டு விழுந்ததும் புலவர் எந்திரிச்சுப் போயிருவாரா? செத்தவன் கயிலாயம் போகணும், வரம் வாங்கணும், திரும்ப வந்து சாமியா நிலையம் கொள்ளணும். அதுக்கப்புறம் வாழி பாடணும். அது வரைக்கும் குடம் அடிக்கிறவன் கைய எடுக்க முடியாது" என்றார். இந்த அறிவுரையை நான் தவறாகப் புரிந்துகொண்டதில்தான் முதல் மூன்று வாரங்கள் போயின.

உச்சத்துக்குப் பிறகு எதையாவது சேர்க்க வேண்டும் என்று அவர் சொன்னதாக எடுத்துக்கொண்டு, ஓர் ஆண்டுக்குப் பிந்திய காட்சி ஒன்றை 900 சொற்களில் எழுதினேன். தம்பி மகளின் கல்யாணப் பந்தியில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். தம்பி வந்து இலையில் பரிமாறுகிறான். எழுத எளிதாக இருந்தது, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து வாசித்தபோது, மடைக் காட்சி முன்னிருந்ததைவிட இன்னும் அவசரமாகத் தெரிந்தது. பந்திக் காட்சி, கதையில் யாரும் கேட்காத ஒரு கேள்விக்கு, பிற்பாடு சமாதானம் ஆனார்களா என்பதற்கு, விடை சொன்னது. வாசகர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி வேறு: அந்த அண்ணன் ஏன் மடையைத் திறந்தான்? அதற்கு விடை ஓர் ஆண்டு கழித்து நடக்கும் பந்தியில் இருக்க முடியாது. 900 சொற்களும் போயின. அதில் இருந்த உளுந்தங்கஞ்சி பற்றிய ஒரு வாக்கியத்தை மட்டும் வேறொரு கதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

இரண்டாவது முயற்சியில் மடைக் காட்சியையே நீட்டினேன். இருட்டு, தவளைச் சத்தம், வடக்கே மலையில் இடி, சிறுவயதில் அண்ணன் தோளில் ஏறிப் பேச்சிப்பாறை அணையைப் பார்த்த நினைவு என்று 310 சொற்கள் 1,400 சொற்களாகின. கைபேசியில் நேரம் வைத்து உரக்க வாசித்தேன். பழைய முடிவு மூன்று நிமிடம், புதியது 13 நிமிடம். இந்த முறை அண்ணாச்சி காகிதக் கட்டை மேசையில் வைத்துவிட்டு, "தண்ணி வருது வருதுன்னு சானல் கரையில நிக்க மாதிரி இருக்கு தம்பி, தண்ணி மட்டும் வரல்ல" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த 13 நிமிடத்தில் ஒன்றும் மாறவில்லை. காட்சி தொடங்கியபோது தம்பிக்குத் தெரிந்ததும் வாசகருக்குத் தெரிந்ததும் முடிகிற இடம் வரை அப்படியே இருந்தன. வர்ணனை கதையின் நேரத்தை நிறுத்தி வைக்கிறது. நிறுத்தி வைத்த நேரத்தை வாசகர் நிதானமாக உணர்வதில்லை, தாமதமாகவே உணர்கிறார்.

இதற்குப் பிறகுதான் எழுதுவதை நிறுத்திவிட்டு அளக்க உட்கார்ந்தேன். அச்சுப்பிரதி ஒன்று, கருப்புப் பென்சில், சிவப்புப் பென்சில், இவ்வளவே கருவிகள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும், அந்தப் பக்கத்தில் கதைக்குள் எவ்வளவு நேரம் கழிகிறது என்று கருப்பில் குறித்தேன். ஊர்க்கூட்டத்தில் சகோதரர்கள் மோதுகிற ஒன்பதாம் அத்தியாயத்தில் ஓர் இரவின் இரண்டு மணி நேரம் ஏழு பக்கங்களில் நடக்கிறது. பக்கத்துக்கு ஏறக்குறைய 17 நிமிடம். பத்தாம் அத்தியாயத்தில் நடை கொஞ்சம் கூடி, பக்கத்துக்கு அரைநாள் ஆகிறது. கடைசி ஒன்றேகால் பக்கத்திலோ ஐந்து நாட்கள் ஓடியிருந்தன. 'ஐந்தாம் நாள் இரவு அவனால் பொறுக்க முடியவில்லை' என்ற ஒரே வாக்கியத்தில் நான்கு நாட்களை விழுங்கியிருக்கிறேன். எழுதும்போது இது கண்ணில் படவேயில்லை. சொற்களின் எண்ணிக்கை எனக்குத் தெரிந்திருந்தது. கதையின் வேகம் தெரிந்திருக்கவில்லை. மெதுவாக நடத்திக் கூட்டிவந்த வாசகரை, போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு முன்னால் திடீரென்று ஓட விட்டிருக்கிறேன்.

சிவப்புப் பென்சில் சொன்னது இதைவிட மோசமானது. அண்ணனைப் பற்றி வாசகர் புதிதாக ஏதேனும் அறிகிற இடங்களில் மட்டும் சிவப்புக் கோடு போட்டேன். முதல் 52 பக்கங்களில் 14 கோடுகள். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. 53ஆம் பக்கத்திலிருந்து 73 வரை, 21 பக்கங்களுக்கு, தாணு கதையிலேயே கிடையாது. மற்றவர்கள் அவனைத் திட்டுகிறார்கள், அவ்வளவுதான். 74இல் திடீரென்று மடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். இதை நான் தெரிந்தேதான் செய்திருந்தேன். அவன் மனம் மாறியது வாசகருக்கு முன்கூட்டித் தெரிந்துவிடக் கூடாது என்று அவனை ஒளித்து வைத்தேன். ஒளித்து வைத்ததால் திகைப்பு கிடைத்தது, நம்பிக்கை போய்விட்டது. அண்ணாச்சி தேடிய பக்கம் கடைசியில் விட்டுப்போகவில்லை, 60ஐ ஒட்டி எங்கேயோ விட்டுப்போயிருந்தது.

இப்போதுதான் வில்லுப்பாட்டுப் பேச்சு எனக்கு வேறு விதமாகக் கேட்டது. கொடையில் கதை கேட்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு முடிவு முன்பே தெரியும். அந்தச் சாமி எதிரிலேயே பீடத்தில் இருக்கிறது. ஆகவே புலவர் எதையும் ஒளிப்பதில்லை. எப்படி நடந்தது என்பதைத்தான் விடிய விடியப் பாடுகிறார். வெட்டுப்பட்டவன் நிலையம் கொள்வது ஜனங்களுக்கு அவசரமாகப் படாததற்குக் காரணம், பின்னால் நீளமாகப் பாடுவது மட்டும் அல்ல. அவன் மேல் விழுந்த அநியாயம் ஒவ்வொன்றையும் முன்னால் நின்று பார்த்தவர்கள் அவர்கள்.

எனவே முதல் வேலையாக 61ஆம் பக்கத்தில் அண்ணனுக்கு ஒரு காட்சி கொடுத்தேன். அவன் மனதுக்குள் போகவில்லை. போனால் முடிவு அங்கேயே முடிந்துவிடும். விடியற்காலையில் தம்பியின் மனைவி பகவதி தொலைவிலிருந்து பார்க்கிறாள்: தாணு கீழ்வயலின் வரப்பில் நிற்கிறான், குனிந்து ஒரு கதிரை ஒடிக்கிறான், ஒரு மணியை நகத்தால் நசுக்கிப் பார்க்கிறான், அடுத்த மணியையும் நசுக்குகிறான், கதிரை மடியில் வைத்துக்கொண்டு போகிறான். பால் பிடித்திருக்கிறதா என்று விவசாயி எவனும் செய்கிற சோதனைதான் அது. ஆனால் பகையாளியின் வயலில் அதை ஏன் செய்கிறான்? பயிர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்த்து மகிழ வந்தானா, பதறி வந்தானா? பகவதி முதலாவதைத்தான் நினைக்கிறாள். வீட்டில் போய் அப்படியே சொல்கிறாள். அந்தச் சொல்தான் நான்கு நாட்களுக்குப் பிறகு தம்பியை மண்வெட்டி எடுக்க வைக்கிறது. 420 சொற்கள். இரண்டு பொருள்படும் ஒரு செயலை வாசகர் முன்னால் நடத்தி வைத்துவிட்டால், முடிவில் புதிய தகவல் எதையும் சொல்ல வேண்டியதில்லை, முன்பே பார்த்ததன் மறுபக்கம் தெரிந்தால் போதும். இதை எழுதிய அன்றைக்குத்தான் வேலை நடக்கும் என்ற தைரியம் வந்தது.

இரண்டாவதாக, மடைக் காட்சியை முதலிலிருந்து எழுதினேன். பழைய வடிவத்தில் தம்பி மூன்று செய்திகளை அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்களில் பெற்றுக்கொள்கிறான்: மடை திறந்திருக்கிறது, அண்ணன் இருக்கிறான், தண்ணீர் தனக்கு வருகிறது. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்ததால் எதற்கும் எடை இல்லை. அவற்றைப் பிரித்து, இடையில் அவன் நடக்கவேண்டிய தூரத்தை வைத்தேன். புதிய வடிவத்தில் முதலில் தண்ணீர் வருகிறது:

"வரப்பிலிருந்து வயலுக்குள் வைத்த கால் சில்லிட்டது. நேற்று வெடித்துக் கிடந்த இடம். குனிந்து கையால் துழாவினான். கணுக்கால் அளவு நீர், மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. யாருடைய முறை இன்றைக்கு? அவனுடையது இல்லை. மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமல், நீர் வருகிற திசையைப் பார்த்து நடந்தான்."

அங்கிருந்து மடை வரைக்கும் அவன் போகும் வழி 520 சொற்கள். இதில் நிலவோ தவளையோ இல்லை. நீரைப் பின்தொடர்ந்து போகிறவன் வழியில் என்னென்ன காண்பானோ அவை மட்டும் உள்ளன: உடைப்பு ஏதும் இல்லை என்பதைக் காண்கிறான்; ஆகவே இது தற்செயல் இல்லை. வாய்க்காலில் கிடந்த பழைய செத்தை வாரிக் கரையில் போடப்பட்டிருப்பதைக் காண்கிறான். ஆகவே யாரோ வெகுநேரம் வேலை செய்திருக்கிறார்கள். மேல்வயலை அடையும்போது அது வறண்டு கிடப்பது காலில் தெரிகிறது. அந்த இடத்தில்தான் அவன் நிற்கிறான். அண்ணனைக் காண்பதற்கு முன்பே அவனுக்கு விஷயம் விளங்கிவிடுகிறது, வாசகருக்கும் விளங்கிவிடுகிறது. பிறகு சந்திப்புக்கு 250 சொற்கள் போதுமானதாக இருந்தன. அண்ணன் மடியில் அந்தக் காய்ந்த கதிர் இருப்பதை அங்கே ஒரு வரியில் காட்டினேன், விளக்கவில்லை.

மூன்றாவது வேலை, சந்திப்புக்குப் பிறகு. இங்கேதான் அதிகம் தடுமாறினேன். அழுகை, மன்னிப்பு, தோளில் கை என்று மூன்று வடிவங்கள் எழுதிக் கிழித்தேன். 19 ஆண்டு பேசாதவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள் என்பது எழுதும் கைக்கே தெரிந்தது. விடை வேறு வேலையாக எங்கள் ஊர் வாய்க்காலுக்குப் போனபோது கிடைத்தது. மடையை முழுதாகத் திறந்தால் எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் கரை கரையும். கதையிலும் அப்படியே கரைய விட்டேன். நீர் பாதைக்குப் போகத் தொடங்குகிறது. அதை அடைக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் பலகையைப் பிடிக்க, இன்னொருவன் மண் வெட்டிப் போட. வரப்பை வெட்டக் கொண்டுவந்த மண்வெட்டி வரப்பைக் கட்டப் பயன்படுகிறது. 19 ஆண்டுகளுக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் சொல்லும் முதல் சொல், "வைக்கோல் கெடக்கா?" என்பது. 600 சொற்களுக்கு அவர்கள் வேலையைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள்: இன்னும் கொஞ்சம் மண், பலகையைச் சாய்த்துப் பிடி, கீழே ஒழுகுகிறது, காலால் மிதி. கைக்கு வேலை கொடுத்தவுடன் வாய்க்கு வசனம் தேடவேண்டிய தொல்லை ஒழிந்தது. தம்பியை எப்படி அழைப்பான் என்பதும் அங்கேதான் தீர்ந்தது. முதலில் பெயரில்லாமல் பேசுகிறான், நடுவில் கரை மறுபடி சரியும்போது பதற்றத்தில் 'லேய்' என்று கத்துகிறான், சிறுவயதில் கத்தியதைப் போல.

கடைசி 280 சொற்கள் அவர்கள் பிரிந்து போவது. அண்ணன் முன்னால் போகிறான், டார்ச் விளக்கை மடைமேல் வைத்துவிட்டு. தம்பி அதை எடுத்துக்கொள்வதா, அங்கேயே விடுவதா என்று நிற்கிறான். இதற்குப் பின் இன்னும் இரண்டு வாக்கியங்கள் இருந்தன, நீரும் இரத்தமும் பற்றி. அண்ணாச்சி பென்சிலால் அவற்றின் மேல் கோடு போட்டு, ஓரத்தில் ஒன்றும் எழுதாமல் தந்தார்.

முடிவு 310இலிருந்து 1,650 சொற்களாகிவிட்டது; 61ஆம் பக்கத்துக் காட்சி 420. இவற்றை மட்டும் சேர்த்திருந்தால் கதை ஊதியிருக்கும். ஆகவே நீதிமன்ற வழக்கு நடக்கும் ஏழாம் அத்தியாயத்தை 3,100இலிருந்து 1,900 ஆக்கினேன். வாய்தா வாய்தாவாக நான் எழுதியிருந்தது உண்மையாகவே அப்படித்தான் நடக்கும் என்றாலும், மூன்றாம் வாய்தாவுக்குப் பிறகு வாசகர் புதிதாக அறிவது எதுவும் இல்லை என்பதைச் சிவப்புப் பென்சில் முன்பே காட்டியிருந்தது. இப்போது மொத்தம் 18,960. கதை 560 சொற்கள்தான் கூடியிருக்கிறது, முடிவு மட்டும் ஐந்து மடங்குக்கு மேல். கருப்புப் பென்சிலை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். விழுங்கிய நான்கு நாட்களில் இரண்டு, பத்தாம் அத்தியாயத்தின் வால் பகுதிக்கு இடம் மாறின. மடை இரவின் இரண்டு மணி நேரம் ஆறரைப் பக்கத்தில் நடக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்து ஊர்க்கூட்டத்தின் வேகம்தான் ஏறக்குறைய. அந்த இரண்டு இரவுகளும் ஒரே நடையில் இருப்பது நான் திட்டமிட்டதல்ல.

செலவு: நான்கு முறை அச்சுப்பிரதி, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 600 ரூபாயை ஒட்டி. பென்சில், கிளிப் எல்லாம் சேர்த்து 60. பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் ஐந்து முறை. மாலை நேரங்களாகக் கணக்கிட்டால் 26 நாள். இவற்றில் 11 நாட்கள் பந்திக் காட்சிக்கும் தவளைகளுக்கும் போயின.

அடுத்த முறை கருப்புப் பென்சிலை முதல் படி முடிந்த அன்றே எடுப்பேன்; 74 பக்கத்துக்கு அதற்குப் பிடித்தது ஒரே மாலைதான். இந்த அளவை எல்லாக் கதைக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு பக்கச் சிறுகதையில் முடிவு ஒரு வரியில் வெட்டி நின்றால் அது குறையாக இருக்க வேண்டியதில்லை. அங்கே வாசகர் இன்னும் நடக்கத் தொடங்கவே இல்லை. பக்கம் பக்கமாக நிதானமாகக் கூட்டிவந்த கதைக்குத்தான் இந்தக் கடன் ஏறுகிறது.

புதிய படியை அண்ணாச்சியோடு, கதையை முன்பு வாசிக்காத வேறு இரண்டு பேருக்கும் கொடுத்தேன். யாரும் பக்கம் விட்டுப்போனதா என்று கேட்கவில்லை. ஒருவர் 61ஆம் பக்கத்திலேயே அண்ணன் மனம் மாறிவிட்டதை ஊகித்துவிட்டதாகச் சொன்னார். ஊகித்த பிறகும் நிறுத்தாமல் வாசித்திருக்கிறார், ஆகவே அதைத் திருத்தவில்லை. அண்ணாச்சிக்கு மட்டும் இப்போதும் ஒரு குறை இருக்கிறது. காலையில் புருஷன் சேறும் சகதியுமாக வந்தபோது பகவதி என்ன கேட்டாள் என்று தெரியவேண்டுமாம். அதை எழுதப்போவதில்லை என்றேன். "எழுதாண்டாம், எனக்கு மட்டும் சொல்லு" என்றார்.